69.77 எங்கிருந்து வந்தது

வீட்டு மாடி ஒன்றின் பீம் கணக்கைச் சரிபார்க்கச் சொல்லி எங்கள் அலுவலகத்துத் தம்பி ஒரு தாளை வைத்துவிட்டுப் போனான். அதில் பீமின் அளவுகளும், அடியில், பாரம் பீமை எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்பதற்கு ‘மொமென்ட் 69.77 கிலோநியூட்டன் மீட்டர்’ என்ற விடையும்தான் இருந்தன. இடையில் என்ன செய்தான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

சரி என்று நானே போட்டுப் பார்த்தேன். 125 மிமீ ஸ்லாப், தளப்பூச்சு, ஆட்கள் புழங்கும் பாரம் எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 6.125 கிலோநியூட்டன். 3 மீட்டர் அகலத்துக்கு அது 18.375. ஸ்லாபுக்குக் கீழே 200 × 350 மிமீ தொங்கும் பீமின் சொந்த எடை 1.75. ஆக மீட்டருக்கு 20.125. சுவர் நடுவிலிருந்து சுவர் நடு 4.5 மீட்டர். மீட்டருக்கான பாரம் w, நீளம் L என்று வைத்து wL²/8 போட்டு, பாதுகாப்புக்காகச் சேர்க்கும் பாரக் காரணி 1.5ஆல் பெருக்கினால் மொமென்ட் 76.41.

இந்த மாதிரி நேரத்தில் என் விடையை அவர்கள் விடையால் வகுத்துப் பார்ப்பேன். 1.5 வந்தால் பாரக் காரணியை விட்டிருப்பார்கள். 1000 வந்தால் அலகு குழம்பியிருக்கும். இங்கே 1.095 வந்தது. அது எனக்குப் பழகிய எண் இல்லை. அப்புறம் இரண்டையும் கழித்தேன். மீதி 6.64. அதைப் பின்னோக்கிப் பிரித்தால் மீட்டருக்கு 1.75, அச்சாகப் பீமின் சொந்த எடை! ‘சொந்த எடை விட்டுப்போச்சு’ என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

பத்து நிமிடத்தில் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். “சார், சேர்த்திருக்கேனே, பாருங்க.” பார்த்தேன், 20.125 என்றுதான் இருந்தது. அவன் விட்டது வேறு. சுவர் கனம் 200 மிமீ என்பதால் உள்ளளவு 4.3 மீட்டர், அதையே நீளமாக எடுத்திருந்தான். 4.3இன் வர்க்கத்தைப் போட்டாலும் அதே 69.77தான். இரண்டு தவறுகளும் இரண்டு தசமம் வரை ஒரே எண்ணில் வந்து நிற்கும் என்று நான் எங்கே கண்டேன்?

பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையான ஷியரையும் நான் கேட்டிருந்தால் படிகளைப் பார்க்காமலே பிடித்திருக்கலாம். மொமென்டில் நீளம் வர்க்கமாக வரும், ஷியரில் ஒரே மடங்குதான். ஆகவே சொந்த எடையை விட்டவனுக்கு 62.02 கிடைக்கும், உள்ளளவை எடுத்தவனுக்கு 64.90. சரியான விடை 67.92. அவன் நோட்டின் அடுத்த பக்கத்தில் 64.90 தெளிவாகவே எழுதியிருந்தது.

சிவப்பு வரியை அடித்துவிட்டு, 4.3க்குப் பக்கத்தில் 4.5 என்று எழுதினேன். “அப்போ சொந்த எடை?” என்றான். அது சரிதான் தம்பி, தப்பு என்னுடையது என்றேன்.