ஒரே பில் இரண்டு தடவை ஏறியதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போனது

ஆறு மாதக் கொள்முதல் பதிவேட்டை எக்செலில் போட்டு ஆடிட்டருக்கு அனுப்பியிருந்தேன். மொத்தம் 1,840 வரிசை. மறுநாள் காலை போன். "212-ஆம் வரிசையும் 967-ஆம் வரிசையும் ஒரே பில். ஐடிசி இரண்டு தடவை எடுத்திருக்கிறீர்கள். இன்னும் எத்தனை இருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் பார்த்துச் சொல்லுங்கள்."

C நெடுவரிசையில் ஜிஎஸ்டி எண், D-யில் பில் எண். இரண்டையும் தேர்ந்தெடுத்து Conditional Formatting-இல் Duplicate Values கொடுத்தேன். முக்கால்வாசி ஷீட் சிவந்துவிட்டது. அது ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். ஒரே கடையில் மாதம் நாலு தடவை சரக்கு எடுத்தால் ஜிஎஸ்டி எண் திரும்ப வரும். 45 என்ற பில் எண் பத்துக் கடைக்காவது இருக்கும். இரண்டுமே தப்பில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே ஜோடியாகத் திரும்ப வந்தால்தான் தப்பு. அந்தக் கேள்விக்கு COUNTIFS-தான் சரி:

```
=IF(COUNTIFS($C$2:$C$1841,C2,$D$2:$D$1841,D2)>1,"இருமுறை","")
```

டாலர் குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால் கீழே இழுக்க இழுக்கத் தேடும் பகுதியும் கீழே நகர்ந்துவிடும். மேலே இருக்கும் ஜோடி எண்ணிக்கையில் வராது.

ஆறு ஜோடி கிடைத்தது. முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் ஆடிட்டர் சொன்ன 212-உம் 967-உம் அந்த ஆறில் இல்லை! கண்ணால் பார்த்தால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. முக்கால் மணி நேரம் சூத்திரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பக்கத்துக் கட்டத்தில் =LEN(C967) போட்டேன். 16 என்று வந்தது. ஜிஎஸ்டி எண்ணுக்கு எப்போதும் 15 எழுத்துதான். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது.

TRIM போட்டேன், அப்போதும் 16. இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்யும்போது வருவது பெரும்பாலும் சாதாரண இடைவெளி இல்லை. 160 என்ற குறியெண் கொண்ட வேறு இடைவெளி. TRIM அதைத் தொடாது. முதலில் அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றி, பிறகு TRIM கொடுக்க வேண்டும். அதனால் H நெடுவரிசையில் இரண்டையும் சுத்தம் செய்து ஒரே சாவியாக ஒட்டினேன்:

```
=TRIM(SUBSTITUTE(C2,CHAR(160)," "))&"|"&TRIM(SUBSTITUTE(D2,CHAR(160)," "))
```

நடுவில் அந்த | குறி எதற்கு என்றால், ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் நம்முடைய பார்ட்டி கோடு வைத்திருப்பவர்களுக்கு 12-உம் 345-உம் ஒட்டினால் 12345. 123-உம் 45-உம் ஒட்டினாலும் 12345. சம்பந்தமே இல்லாத இரண்டு பில் ஜோடி சேர்ந்துவிடும்.

அப்புறம் பக்கத்தில்:

```
=IF(COUNTIF($H$2:$H$1841,H2)>1,"இருமுறை","")
```

இப்போது 212-உம் 967-உம் வந்தன, கூடவே இன்னும் இரண்டு புது ஜோடி. பெரிய நிம்மதி. ஆனால் முதலில் கிடைத்த ஆறில் ஒன்று காணாமல் போயிருந்தது. தேடிப் பார்த்தால், ஒரு இடத்தில் பில் எண் 0045, இன்னொரு இடத்தில் 45. COUNTIFS இரண்டையும் எண்ணாகப் பாவித்து ஒன்றென்றே எடுத்துக்கொள்ளும். சாவியில் அது வெறும் எழுத்து, அதனால் வேறு வேறு. பில்லை எடுத்துப் பார்த்தேன், ஒரே பில்தான், யாரோ முன்னால் இருந்த பூஜ்ஜியத்தை விட்டு அடித்திருக்கிறார்கள். இரண்டு முறையையும் ஓட்டிப் பாருங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

மொத்தம் ஒன்பது ஜோடி. நேரம் இல்லை என்று சாவி நெடுவரிசையை மட்டும் டிக் செய்து Remove Duplicates-ஐ அமுக்கப் போனேன். நல்லவேளை, முதலில் வடிகட்டித் தொகையைப் பார்த்தேன். இரண்டு ஜோடியில் தொகையும் வேறு, வரி விகிதமும் வேறு. ஒரே பில்லில் 5 சதவீதப் பொருளும் 18 சதவீதப் பொருளும் இருந்ததால் இரண்டு வரிசையாக ஏற்றியிருந்தது. அது முறையான பதிவு. அமுக்கியிருந்தால் எக்செல் முதல் வரிசையை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தூக்கியிருக்கும், நியாயமாக வரவேண்டிய ஐடிசியும் அதோடு போயிருக்கும். அடையாளம் மட்டும் போடுங்கள். அழிப்பதை பில்லைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஏழு ஜோடியை உறுதி செய்து ஐந்தரை மணிக்கு அனுப்பினேன். இரண்டு வருடப் பதிவேட்டைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் சாவியில் நிதியாண்டையும் ஒட்டிக்கொள்ளுங்கள். பல கடைகளில் ஏப்ரலில் பில் எண் மறுபடி 1-இல் தொடங்கும்.