மகளுக்கு நானே எழுதிய தாலாட்டு

இங்கே குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே மகள் பிறந்தாள். கூட இருந்து தாலாட்டுப் பாட ஊரிலிருந்து யாராலும் வர முடியவில்லை. அம்மா தொலைபேசியில் பாடுவார், ஆனால் இணைப்பு நடுநடுவே அறுந்து, குரல் திரும்ப வரும்போது குழந்தை விழித்துக்கொள்வாள். சரி, நாமே ஒன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வந்த வரி 'பட்டுக்குட்டி கண்ணுறங்கு'. கொஞ்சுவதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் தாலாட்டின் நிதானத்தில் இழுத்துப் பாடினால் ட்டு, க்கு, ட்டி என்று ஒவ்வொரு இடத்திலும் மூச்சு முட்டி நின்று மறுபடி வெடிக்கிறது, அந்த ஒவ்வொரு வெடிப்புக்கும் என் தோளில் கிடந்தவளின் கை லேசாகத் துள்ளியது. அதனால் வல்லின இரட்டிப்பை எல்லாம் எடுத்துவிட்டேன். 'அப்பா' என்ற சொல்லைக்கூட வைக்கவில்லை, அதில்தான் எனக்கு மனசே வரவில்லை. மூச்சு அறுபடாமல் ஓடும் ம, ர, ல, ய, வ எழுத்துகளை அதிகம் வைத்து, வரிகளை 'ஓ' போன்ற நெடிலிலோ, உதடு மூடி முனகலாக நீளும் 'ம்' பக்கத்திலோ முடித்தேன்.

ஆராரோ ஆரிரரோ
ஆராரோ ஆரிரரோ
மரமெல்லாம் பனியே அம்மா
மண்ணெல்லாம் பனியே அம்மா
மெல்ல மெல்ல விழுமே அம்மா
மேலே மேலே மூடும் அம்மா
தோள்மேலே சாய்ந்தவளே
துயிலாயோ துயிலாயோ
ஆராரோ ம்ம்ம் ஆராரோ ம்ம்ம்

ஒரு வரிக்கு ஒரு மூச்சு, நான்கு மெதுவான அடி நடை. புதுச் செய்தி எதுவும் சொல்லாமல் 'பனியே அம்மா' திரும்பத் திரும்ப வருவதுதான் வேலை செய்கிறது, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த சத்தத்துக்குக் குழந்தை காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆண்குரல் என்பதால் அடித்தொண்டையில், கிட்டத்தட்ட பேசுவதுபோல் பாடுகிறேன். நெஞ்சோடு அணைத்திருக்கும்போது அந்த அதிர்வு அவள் உடம்புக்கும் போகிறது. கடைசி வரி வரும்போது வேகத்தைக் குறைத்து, வார்த்தையை விட்டு வெறும் முனகலுக்குப் போய்விடுவேன்.

கண் மூடியதும் படுக்கவைத்துவிடக் கூடாது. பச்சைக் குழந்தைகளுக்கு முதலில் வருவது பெரும்பாலும் அரைகுறைத் தூக்கம், இமைக்குள் விழி ஓடும், உதடு சிரிக்கும், மூச்சு ஏறி இறங்கும், அப்போது கீழே வைத்தால் அழுகைதான். மூடிய விரல்கள் தானாக விரிந்து, கையைத் தூக்கி விட்டால் துவண்டு விழுந்து, மூச்சு சீராகும் வரைக்கும் முனகல் தொடரணும். அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்த பிறகும் பாட்டைச் சட்டென்று நிறுத்தாமல், கையை அவள் நெஞ்சில் வைத்தபடி இன்னும் ஓரிரு வரி.

பனி உருகிவிட்டால் என்ன பாடுவது என்று மனைவி கேட்டாள். 'பனியே' இருக்கும் இடத்தில் 'இலையே' போட்டுப் பாடிக் காட்டினாள், ஓசை கொஞ்சமும் கெடவில்லை.