இரண்டாவது கையெழுத்து

உன்னைப் பிடித்திருக்கிறது என்று நான் சொன்னதற்கு, "எனக்கு அப்படி வரலைலா" என்றாள். அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பாலில்லாத தே ஓ டீ கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டே, கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு பஸ்ல எடம் பிடிச்சு வைக்கவா?" என்று கேட்டாள். நான் "வை" என்றேன்.

சிப் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட், இரண்டரை மணிக்கு பிரேக். நாலு வருஷமாக பட்டர்வொர்த்தில் எனக்கு முந்தின ஸ்டாப்பில் ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்காகக் காத்திருப்பவள். அந்தக் கேள்வி கருணையா, இல்லை பேச்சை முடித்து வைக்கிற சாமர்த்தியமா என்று இன்றுவரை புரியவில்லை. சில நாள் இப்படித் தோன்றும், சில நாள் அப்படி.

அடுத்த நாளும் பை இருந்தது, எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் பாலம் ஏறுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். இப்போது கண்ணாடிப் பக்கம் சாய்ந்துகொண்டாள். அதில் தப்பு சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

வேலையில்தான் சிக்கல். ஒரு லாட் சிப் முடிந்து அடுத்த லாட் மாறும்போது லைன் கிளியரன்ஸ் செய்ய நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் நிற்க வேண்டும். பழைய லாட் யூனிட் ஒன்றுகூட டிரேயிலோ மெஷின் அடியிலோ மிச்சமில்லை என்று நான் பார்த்து, லாட்டோடு போகும் டிராவலர் தாளில் கையெழுத்து போடுவேன். அதை நம்பாமல் அவள் முதலிலிருந்து தானும் பார்த்து இரண்டாவது கையெழுத்து போடுவாள். நம்பாமல் பார்ப்பதற்குத்தான் அந்த இரண்டாவது ஆள். முகமூடி, தொப்பி எல்லாம் போட்டால் கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணைப் பார்க்கக் கூடாதென்று நான் சீக்கிரம் நகர்ந்தேன். நான் நகர்ந்ததும் அவளும் சீக்கிரம் கையெழுத்து போட்டாள். இப்படி மூன்று வாரம்.

ஒரு விடியற்காலை டிரே மூலையில் ஒரு யூனிட் தங்கிவிட்டது. உடம்பு ஒரே மாதிரி, மேலே இருக்கும் மார்க்கிங்கில் கடைசி எழுத்து மட்டும் வேறு. வெளியே போகும் முன் தரம் பார்க்கும் கியூஏவில் பிடித்துவிட்டார்கள். லாட்டை நிறுத்தி ஒவ்வொன்றையும் மைக்ரோஸ்கோப்பில் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். "என்னாலதான்" என்றேன். "நானும்தானே சைன் பண்ணேன்" என்றாள். அந்த மூன்று வாரத்தில் அவள் என்னிடம் உண்மையாகப் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான்.

மறுநாளே ஷிஃப்ட் மாற்றம் கேட்டேன். தவறு நடந்ததால் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பை வைத்த சீட் தினமும் எனக்கு ஒரு பதில் மாதிரி தெரிய ஆரம்பித்திருந்தது. 'வரலை' என்று சொன்னவளிடம், காத்திருந்தால் வரும் என்று நான் ரகசியமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதைத் தோழமை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் இருந்திருக்கும், சீட் காலியாக இருந்தால் அவளுக்கும் தெரியட்டும் என்று. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

சூப்பர்வைசர் காரணம் கேட்டார். என்ன சொல்வது? மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 377டி என்று ஒன்று இருக்கிறது, பெண்ணும் பெண்ணும் நெருங்கினாலும் ஒழுங்கீனச் செயல் என்று பிடிக்கும், ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காது, 2 வருஷம் வரை சிறை. செய்ததற்குத்தான் தண்டனை, பிடித்திருக்கிறது என்று சொன்னதற்கு இல்லை. தெரியும். தெரிந்தும் அவர் மேசை முன்னால் நின்றபோது வாய் காய்ந்துவிட்டது. நான் சொன்னால் அவள் பெயரும் சேர்ந்து வரும். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, ராத்திரி ஆள் வேணும்" என்றேன். பகல் ஷிஃப்ட் கிடைத்தது.

அவளிடம் சொல்லாமல் மாறினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. விலகியது சரி என்று நாளுக்கு நாலு முறை முடிவு செய்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஐந்தாவது முறை தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அவள் "போகாதே" என்றிருப்பாள், நானும் இருந்திருப்பேன். அதனால் சொல்லவில்லை. இது நியாயமா, சாக்கா, தெரியவில்லை.

இப்போது சாயங்காலம் ஏழு மணிக்கு கேட்டில் எதிர்ப்படுகிறோம். நான் வெளியாகிறேன், அவள் உள்ளே போக, காலில் கட்டிய நிலைமின் பட்டை சரியா என்று பார்க்கும் ஹீல் ஸ்ட்ராப் டெஸ்டரில் ஏறி பச்சை விளக்குக்காக நிற்கிறாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பாள்.

"பரவாயில்ல" என்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா சொன்னார், அவள் வாராவாரம் போன் பண்ணுகிறாளாம், அரை மணி நேரம் பேசுகிறாளாம். அம்மா ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருகிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

நேற்றும் கேட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.