பதினோரு இலக்கிலிருந்து மூன்றுக்கு

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். 2023 ஏப்ரலில் அந்த ஆண்டுக்கென்று 11 இலக்குகளை எக்செல்லில் எழுதினேன். எட்டுப் பயிற்சி வகுப்பு, மாதம் இரண்டு அறிக்கை என்று எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. மார்ச்சுக்குள் ஒன்பது முடிந்துவிட்டது.

ஆனால் அந்த ஐப்பசி மழையில் பம்ப் கேசிங்கில் புளோ ஹோல் என்கிற வாயுத் துளை வந்து ரிஜெக்‌ஷன் ஏறியபோது நான் பக்கத்தில் போகவே இல்லை. அறிக்கை பாக்கி இருந்தது. புளோ ஹோல் பட்டியலில் இல்லை. வெளியே கொட்டியிருந்த அச்சு மணல் நனைந்திருக்க, மிக்சரில் வழக்கமான அளவு தண்ணீரையே விட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தது மோல்டிங் சூப்பர்வைசர் அண்ணன். நான் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதே அந்த வேலையைத்தான். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

அடுத்த ஆண்டு எண்ணை முதலில் எழுதவில்லை. மார்ச் முடியும்போது யாரையும் கேட்காமல் எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்தேன். குறையைப் பார்த்ததும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். சரி, அதை எப்படி அளப்பது? ரிஜெக்‌ஷன் சதவீதத்தை என் இலக்காக வைக்க மனமில்லை. மணல், உலோகச் சூடு, பேட்டர்ன் எதுவும் என் கையில் இல்லை. அதோடு, அந்த எண்ணைக் குறைக்க வேண்டுமென்றால் சந்தேகமான காஸ்டிங்கைப் பாஸ் செய்யச் சொல்லி மனசு இழுக்கும்.

அதனால் வாரம் இரண்டு ரிஜெக்ட் காஸ்டிங்கை அறுத்துப் பார்த்து, காரணத்தை நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம்தான் அண்ணனிடம் காட்டுவேன். முதல் காலாண்டில் 24-க்கு 9 சரி. மூன்றாவதில் 17.

இரண்டாவது இலக்கு, நான்கு புது பேட்டர்னுக்கு, உருகிய உலோகம் அச்சுக்குள் போகும் வழியைக் காட்டும் கேட்டிங் வரைபடம் போடுவது. மூன்றாவது வரியை வேண்டுமென்றே காலியாக விட்டேன். ஜூலையில், உலோகக் கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பார்ப்பவர் நீண்ட விடுப்பில் போனார். அதைக் கற்றுக்கொள்வது அந்தக் காலி வரியில் போய் உட்கார்ந்தது. முந்தைய ஆண்டாக இருந்தால் நேரமில்லை என்று சொல்லியிருப்பேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் பட்டியலோடு உட்காருவேன். இலக்கை மாற்றலாம், விடலாம். காரணத்தை ஒரு வரி எழுதிவிட வேண்டும். புது பேட்டர்ன் இரண்டுதான் வந்தது, அதனால் நான்கை இரண்டாக்கினேன். அப்ரைசலில் மேலாளர், "நாலு ஏன் ரெண்டாச்சு?" என்றார். அந்த வரியைக் காட்டினேன். படித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

மூன்றாவது காலாண்டில் தவறிய ஏழில் ஐந்து, உலோகம் இறுகும்போது சுருங்கி விழும் சுருக்கக் குழியை வாயுத் துளை என்று எழுதியவை. வாயுத் துளையின் உட்சுவர் வழவழவென்று இருக்கும். சுருக்கம் சொரசொரவென்று கிழிந்த மாதிரி இருக்கும். ஓரத்தில் இரண்டும் கலந்து வந்தால் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்த ஆண்டின் முதல் வரி அதுதான்.