மீன் கூடைக் கணக்கை எப்படிக் கேட்பது?

காசிமேட்டுப் பக்கம் ஒரு மாலை வகுப்பில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். மாதத் தேர்வுக்கு வினாத்தாள் எழுதுவதும் நான்தான். 850-ஐ 3-ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று போட்டுவிடுகிற பிள்ளை, அதே பெருக்கல் நான்கு வரி வாக்கியத்துக்குள் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடும். இங்கே இது தினமும் நடப்பதுதான். வாசிப்பில் திணறும் பிள்ளைக்கு வாழ்க்கைக் கணக்கை எப்படி எழுதிக் கொடுப்பது என்று பி.எட். பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்பதால் எழுதுகிறேன்.

நம் வினாத்தாள்களில் வழக்கமாக வரும் வடிவம் இது:

"கூடை ஒன்றுக்கு ₹850 வீதம் ஏலத்தில் எடுத்த 3 கூடை மீன்களை ஆட்டோவில் கொண்டுவர ₹150 செலவழித்த வியாபாரி ஒருவர், அவற்றை ₹3,300-க்கு விற்றார் எனில் அவர் அடைந்த லாபம் எவ்வளவு?"

இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் 'எடுத்த', 'செலவழித்த' என்று எச்சத்துக்கு மேல் எச்சம் அடுக்கியிருப்பதால், யார் செய்தார் என்பது பாதி வாக்கியம் தாண்டித்தான் தெரிகிறது. அதுவரை 850, 3, 150 மூன்றையும் மனதில் தூக்கிக்கொண்டே வர வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு 'வியாபாரி' வரும்போது 850 எதன் விலை என்பது மறந்துபோயிருக்கும். போதாக்குறைக்கு 'வீதம்'. அவசரமாகப் படித்தால் அது 'மீதம்' ஆகிவிடும். 'எனில்' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அதே கணக்கை நான் இப்படி எழுதுவேன்:

மல்லிகா அக்கா மீன் விற்கிறார்.
ஏலத்தில் 3 கூடை மீன் வாங்கினார்.
ஒவ்வொரு கூடையும் ₹850.
மீனைக் கொண்டுவர ஆட்டோவுக்கு ₹150 கொடுத்தார்.
எல்லா மீனையும் சேர்த்து ₹3,300-க்கு விற்றார்.
அவருக்கு வேறு செலவு இல்லை.
லாபம் எவ்வளவு?

ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி, ஒரு வரி. நடந்த வரிசையிலேயே சொல்லியிருக்கிறது. கணக்கு ஒரு படிகூடக் குறையவில்லை: பெருக்கி 2,550, கூட்டி 2,700, கழித்து 600. 'எளிமையாக்குகிறேன்' என்று ஆட்டோ வாடகையை எடுத்துவிட்டால் அது வேறு கணக்கு.

'வேறு செலவு இல்லை' என்ற வரி எதற்கு? இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ பாட்டியோ மீன் விற்பவர்கள். "மிஸ், ஐஸுக்குக் காசு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதானே! தெரிந்த சூழலை எடுத்தால் இப்படி ஒரு சிக்கல் கூடவே வரும். தாளில் இல்லாததையும் பிள்ளை தன் அனுபவத்திலிருந்து கொண்டுவந்து கணக்கில் சேர்க்கும். அந்தக் கதவை ஒரு வரியில் மூடிவிடலாம். விலையும் நம்பும்படி இருக்க வேண்டும். வஞ்சிரம் கிலோ 60 ரூபாய் என்று எழுதினால் வகுப்பே சிரிக்கும், கணக்கை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து எண்கள். இதில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். தவறான வழி ஒவ்வொன்றும் வேறு விடையில் போய் நிற்கிறதா என்று முதலில் போட்டுப் பார்ப்பேன். மேலே உள்ள கணக்கில் 2,300 என்று எழுதிய பிள்ளை 'ஒவ்வொரு' என்பதைத் தவறவிட்டு ஒரே ஒரு 850-ஐக் கழித்திருக்கிறது. 750 என்றால் ஆட்டோ விட்டுப்போயிற்று. 900 என்றால் ஆட்டோ காசைச் செலவாக எடுக்காமல் கூட்டியிருக்கிறது. 4,303 என்றால் படிக்கவே இல்லை, கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டிவிட்டது. விடையைப் பார்த்தே எங்கே சறுக்கியது என்று தெரிகிறது. இதற்குப் பதிலாக 2 கூடை, கூடை ₹300, ஆட்டோவும் ₹300, விற்றது ₹1,500 என்று வைத்திருந்தால், 'ஒவ்வொரு' விட்டவருக்கும் ஆட்டோவை விட்டவருக்கும் ஒரே விடைதான் வரும், 900. யாருக்கு என்ன புரியவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

விடையை வைத்துச் சொல்ல முடியாதபோது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து கேள்வி கேட்பேன். படித்துக் காட்டு. என்ன கேட்டிருக்கிறது? எப்படிச் செய்யப் போகிறாய்? செய்து காட்டு. இப்போது விடையை முழுதாக எழுது. இது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் 1977-இல் முன்வைத்த முறை. எந்தக் கேள்வியில் பிள்ளை நிற்கிறதோ அங்கேதான் தடை. இதோடு நான் ஒன்று சேர்த்துக்கொள்வேன். முதல் கேள்வியிலேயே நின்றால், வினாவை நானே வாய்விட்டுப் படிப்பேன். கேட்டதும் போட்டுவிட்டால் கணக்கு அதற்குத் தெரியும், மாற்ற வேண்டியது என் வாக்கியத்தை. கேட்டும் பெருக்குவதா கூட்டுவதா என்று தெரியாமல் விழித்தால், வாக்கியத்தை எத்தனை தடவை உடைத்தாலும் பயனில்லை. மூன்று தாளை மூன்று கூடையாக வைத்து, மறுபடி பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எல்லா மொழிச் சிக்கலையும் எடுத்துவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். "பாபு ₹45 சேர்த்தான். இது அக்கா சேர்த்ததைவிட ₹12 குறைவு. அக்கா சேர்த்தது எவ்வளவு?" இதில் 'குறைவு' என்று பார்த்ததும் கழித்து 33 என்று எழுதுபவர்கள் நிறைய. விடை 57. இங்கே யாரைவிட யாருக்குக் குறைவு என்று புரிந்துகொள்வதுதான் கணக்கே. "அக்கா ₹12 அதிகம் சேர்த்தாள்" என்று திருப்பி எழுதிக் கொடுத்தால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. நான் வாக்கியத்தைக் குட்டையாக வைப்பேன், 'குறைவு' அப்படியே இருக்கும். 'மொத்தம் வந்தால் கூட்டு, மீதி வந்தால் கழி' என்று மனப்பாடம் செய்ய வைக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான்.

அச்சு பற்றிச் சுருக்கமாக: ₹ ஒரு வரியிலும் 850 அடுத்த வரியிலும் விழக் கூடாது. தமிழில் நீளமான சொல் வரி முடிவில் பாதியாக உடைந்தாலும் வாசிப்பவர் தடுக்கி விழுவார். பத்தியை இருபுறமும் சமமாக இழுக்காமல், வரியை நாமே முடிப்பது நல்லது.

தெரிந்த சூழல் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது, இரண்டு நாளும் சேர்த்து விசைப்படகுகள் எத்தனை நாள் கடலுக்குப் போகாது என்று கேட்பேன். பலர் 30-இல் 15-ஐக் கழித்து, 15, 31, 14 மூன்றையும் கூட்டி 60 என்பார்கள். ஆனால் தடை 61 நாள் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். "ஒரு நாள் குறையுதே மிஸ்" என்று அவர்களே திரும்பிப் போய், ஏப்ரலுக்கு 16 நாள் என்று கண்டுபிடிப்பார்கள். இதையே நூலகப் புத்தகம் வைத்திருந்த நாட்கள் என்று கேட்டால் 60 என்று எழுதிவிட்டுத் தாளைக் கொடுத்துவிடுவார்கள். அதனால் தடைக்காலக் கணக்கை முதலிலும், நூலகக் கணக்கை அடுத்த வாரத் தேர்விலும் வைக்கிறேன்.