கணக்கு ஓசூருக்கு வந்தது, செக் மட்டும் திரும்பியது

வேலை மாறி திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வந்ததும் சேமிப்புக் கணக்கையும் இங்கே மாற்றிக்கொண்டேன். அதில் சிரமம் எதுவும் இல்லை. ஓசூர் கிளையில் ஒரு விண்ணப்பம், ஆதார் நகல், இப்போதைய முகவரிக்கு நானே எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி, அவ்வளவுதான். இரண்டு நாளில் வேலை முடிந்தது. கணக்கு எண் அப்படியே இருந்தது, ஐஎஃப்எஸ்சி மட்டும் மாறியது.

என் பயமெல்லாம் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் மேல்தான். மாதம் 5-ஆம் தேதி அப்பா கணக்குக்கு ஒரு தொகையும், ஆர்டி-க்கு 3,000 ரூபாயும் போகும். இரண்டும் தேதி தவறாமல் போயின. அவை கணக்கு எண்ணோடு கட்டியவை, கிளையோடு அல்ல. ஆர்டி மட்டும் பழைய கிளையிலேயே இருந்தது. அதற்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். முடியப்போகிற ஆர்டி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடி விழுந்தது செக்கில். ஊரில் மரச்சாமான் வாங்கியபோது கடைக்காரருக்கு மூன்று பின்தேதி செக் கொடுத்திருந்தேன்: 464, 465, 466. முதலாவது பாஸாகிவிட்டது. கையில் 467 முதல் 475 வரை ஒன்பது தாள் மிச்சம். செக்கின் அடியில் உள்ள ஒன்பது இலக்க எம்ஐசிஆர் எண்ணில் கடைசி மூன்று இலக்கம் கிளையைக் குறிப்பது. அதனால் புது செக் புக் கேட்டபோது பழைய தாள்களைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கொடுத்தேன். வெளியே இரண்டு செக் இருக்கிறது என்று நான் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

அடுத்த மாதம் கடைக்காரர் போன் செய்தார்.

"தம்பி, செக்கு திரும்பி வந்துட்டே. நீங்களே நிறுத்தச் சொன்னதா போட்டிருக்கு."

பணம் இருந்தும் திரும்பியிருந்தது. கிளைக்கு ஓடினேன். கணினியில் 465-லிருந்து பாஸாகாத தாளெல்லாம் வரிசையாகத் தெரிய, மொத்தத்தையும் ரத்து செய்திருக்கிறார்கள். நான் கொடுத்த ஒன்பது தாளுக்குப் பதில் பதினொன்று! ஒப்புகைச் சீட்டு வாங்கியிருந்தால் அங்கேயே காட்டியிருப்பேன். நல்லவேளை, ஒப்படைக்கும் முன் தாள்களைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டி ஒரு கடிதமும் கொடுத்ததும் 465, 466 இரண்டுக்கும் தடையை நீக்கினார் மேலாளர். பிடித்த கட்டணம் ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரவானது. செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும் என்பதால் அதே 465-ஐ மறுபடி போடச் சொன்னேன். பாஸானது.

சம்பளத்துக்காக ஹெச்ஆர் ரத்து செய்த செக் ஒன்று கேட்டபோது புது புக்கின் முதல் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். கடைக்காரரோ 466-ஐ போடுவதற்கு முந்தின நாள் போன் செய்து, "போடலாம்ல தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.