"அண்ணே, அது எந்த ரேக்?"

எங்கள் குடோனில் ஒரு பொருளை எடுக்க, அது இருக்கும் இடம் தெரிந்த ஆளை முதலில் தேட வேண்டியிருந்தது. "திருகு ரேக்", "பழைய பெயிண்ட் இருந்த மூலை" என்றுதான் இடங்களுக்குப் பேர். அந்த மூலையில் பெயிண்ட் இல்லாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எடுக்க வேண்டிய பொருள்களின் பட்டியலான பிக்கிங் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "அண்ணே, அது எந்த ரேக்?" என்று நாள் முழுக்க என்னிடம் வந்து நிற்பார்கள். பொருள் இடம் மாறும், ரேக் மாறாது. அதனால் பேர் இடத்துக்குத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் ரேக்குகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டேன். அது சரிவரவில்லை. இரண்டு ரேக்குகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதால், 6ஆம் ரேக்கைத் தேடுகிறவர் 5ஆம் ரேக்கின் முன்னால் போய் நின்றுவிடுவார். அப்புறம் முழுதாகச் சுற்றி வர வேண்டும். ஆள் நடப்பது சந்தில்தானே? அதனால் எண்ணைச் சந்துக்குக் கொடுத்தேன். ஒரு சந்தின் இரண்டு பக்கமும் ஒரே எண். சந்தின் வாயில் நின்று உள்ளே பார்த்தால் இடது பக்கத்து ரேக் கட்டங்கள் 01, 03, 05 என்றும், வலது பக்கம் 02, 04, 06 என்றும் போகும். எல்லாச் சந்துகளிலும் எண் ஒரே முனையிலிருந்துதான் தொடங்கும்.

தட்டுகளுக்கு எழுத்து. தரையில் இருப்பது A, அதற்கு மேல் B, C. கீழிருந்து எண்ணியதற்குக் காரணம் உண்டு: நாளை உச்சியில் ஒரு தட்டு கூட்டினாலும் கீழே உள்ள பேர்கள் மாறாது. தட்டில் உள்ள பெட்டிகளுக்கு இடமிருந்து வலமாக எண். ஆக `04-13-B-2` என்றால் நான்காவது சந்து, இடது பக்கம் 13ஆம் கட்டம், இரண்டாம் தட்டு, இரண்டாவது பெட்டி. நடந்து போகும் வரிசையிலேயே முகவரி அமைந்திருப்பதால் ஒவ்வொரு பகுதியாகப் படித்துக்கொண்டே போகலாம்.

முன்னால் இருக்கும் பூஜ்யம் அழகுக்காக அல்ல. முதலில் அதை விட்டுவிட்டேன். கணினி முகவரியை எழுத்தாகத்தான் வரிசைப்படுத்தும் என்பது சீட்டு அச்சாகி வந்தபோதுதான் தெரிந்தது:

```
4-1-A-1
4-11-A-1
4-2-A-1
```

சீட்டை அப்படியே பின்பற்றியவர் 1லிருந்து 11க்குப் போய், மறுபடி 2க்குத் திரும்பி வந்தார். இரண்டு இலக்கமாக்கிய பிறகு சீட்டின் வரிசையும் நடையின் வரிசையும் ஒன்றாகின. எங்கள் சந்து குறுகலானது, கையை நீட்டினால் இரண்டு பக்கமும் எட்டும். அதனால் 01, 02, 03 என்று மாறி மாறி எடுப்பது சுலபம். வண்டி போகும் அகலமான சந்தாக இருந்தால் இந்த வரிசை வீண் அலைச்சல். அங்கே ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கமாகத் திரும்பி வருவதுதான் சரி.

இத்தனைக்கும் பிறகு தப்பான பொருள் வந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்தவற்றை நான்கைந்து நாள் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தேன். சந்து சரி, கட்டம் சரி, பெட்டியும் சரி. தட்டு மட்டும் ஒன்று மேலே அல்லது ஒன்று கீழே. போய்ப் பார்த்தால் கோளாறு லேபிளில். லேபிளைக் குறுக்குக் கம்பியின் மேல் ஒட்டியிருந்தோம். கம்பிக்கு மேலேயும் பொருள், கீழேயும் பொருள். B என்று எழுதியிருப்பது எதைக் குறிக்கிறது? ஒட்டிய எனக்குத் தெரியும், எடுக்க வந்தவருக்குத் தெரியாது.

ஒவ்வொரு லேபிளிலும் பெரிய அம்புக்குறி சேர்த்தேன். முதல் கம்பியில் இரண்டு லேபிள்கள்: தரைத் தட்டு A-க்குக் கீழ்நோக்கிய அம்பு, B-க்கு மேல்நோக்கிய அம்பு. அண்ணாந்து பார்த்துப் படிக்க முடியாத மேல் தட்டுகளின் லேபிள்களைக் கண் மட்டத்துக்கு இறக்கி, தட்டுக்கு ஒரு நிறமாக வைத்தேன். அதே நிறப் பட்டை மேலே அந்தத் தட்டின் கம்பியிலும் உண்டு. தட்டு மாறி வருவது அதோடு நின்றது.

கடைசியாக, அன்றைக்குத்தான் வேலைக்கு வந்த தம்பி ஒருவரிடம் பத்து வரிகள் உள்ள சீட்டைக் கொடுத்து, யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே நடந்தேன். ஒன்பது பொருள்களைத் தயங்காமல் எடுத்தார். பத்தாவதுக்கு 07ஆம் சந்தின் பின்பக்க வாசல் வழியாக நுழைந்து, அங்கே எண்ணைக் காணாமல் நின்றுவிட்டார். சந்து எண் பலகையை முன்பக்கம் மட்டும்தான் மாட்டியிருந்தேன். அன்று சாயங்காலமே எல்லாச் சந்துக்கும் பின்பக்கத்திலும் ஒரு பலகை மாட்டினோம்.